எழுத்துக்கு முன் பேச்சு: அயல்நாட்டில் வளரும் நம் குழந்தைகளின் வீட்டு மொழி

(போடிநாயக்கனூரில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பள்ளிகளில் படித்தவர்கள் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த தாய்மார்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. விடுமுறையில் ஊருக்கு வந்தால் பழைய பள்ளியை எட்டிப் பார்ப்பார்கள். அப்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: “டீச்சர், புள்ளைக்குத் தமிழ் மறந்துபோகுது. எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?”

புத்தகத்துக்குக் குறைவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத் தமிழ்க் குழந்தைகளுக்கென்றே பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான விடை புத்தகம் அல்ல என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு ஊர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மொரீசியசு. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. பள்ளிகளில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம். கோயில்களில் காவடி எடுக்கிறார்கள். ஆனால் அங்குள்ள தமிழ் வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. மற்றொன்று நமது போடி. இங்கே தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் எத்தனையோ உள்ளன. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழிகளின் எழுத்து தெரியாது. பள்ளியில் படித்ததும் இல்லை. ஆயினும் பல தலைமுறைகளாக அந்த மொழிகள் அடுப்படியிலும் திண்ணையிலும் பேசப்பட்டு வருகின்றன. அங்கே எழுத்து இருக்கிறது, பேச்சு போய்விட்டது. இங்கே எழுத்து இல்லை, பேச்சு நிற்கிறது. வீட்டு மொழியைத் தாங்குவது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதில் நம் தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொரு தமிழ். நம் ஊர்க் குழந்தை ஐந்து வயதில் பேச்சுத் தமிழை முழுமையாகக் கற்றுக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. எழுத்துத் தமிழை அதன்மேல் நாம் கட்டுகிறோம். அயல்நாட்டில் அடித்தளம் போடாமலே மேல்மாடி கட்டப்படுகிறது.

என் பழைய மாணவர் ஒருவரின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயது. இங்கிலாந்தில் பிறந்து வளர்பவள். வார இறுதியில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ஓர் ஆகஸ்டு மாதம் அப்பத்தா வீட்டுக்கு வந்தவளை மாலை நேரங்களில் என்னிடம் அனுப்பினார்கள். ‘அம்மா கடைக்குச் சென்றார். விரைவில் வந்துவிடுவார்’ என்று எழுதிக் கொடுத்தேன். தடையின்றிப் படித்தாள்; பொருளும் சொன்னாள். அதே செய்தியை அப்பத்தா, “ஒங்கம்மா கடைக்குப் போயிருக்கா, செத்த நேரத்துல வந்துருவா” என்றபோது விழித்தாள். அவள் படித்த தமிழில் ‘போயிருக்கா’ இல்லை. ‘செத்த நேரம்’ நிச்சயமாக இல்லை. பல ஆண்டுகள் படித்தும் அப்பத்தாவோடு பேச முடியாத தமிழ் அது. அப்பத்தாவோடு பேச உதவாத மொழியை ஒரு குழந்தை எதற்காக வைத்துக்கொள்ளும்?

இதே சிக்கலைச் சிங்கப்பூர் அரசு அளவில் எதிர்கொண்டது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடம். இருந்தும் வீட்டில் அதிகமாகப் பேசுவது தமிழே என்று சொன்ன இந்தியர்கள் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 43 விழுக்காடு. 2010-இல் சுமார் 37 விழுக்காடு. 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொச்சையை அல்ல, படித்தவர்கள் தங்களுக்குள் இயல்பாகப் பேசும் தமிழை. இலக்கணப் பிழையற்ற தமிழே வகுப்பில் ஒலிக்க வேண்டும் என்று பழகிய நமக்கு இது சற்று உறுத்தலாம். ஆனால் வீட்டில் தமிழ் குறைந்துவரும் இடத்தில், பேச்சையும் பள்ளிதான் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

மொழி நழுவுவதை எப்படிக் கண்டுகொள்வது? முதல் அடையாளம், நாம் தமிழில் கேட்க, குழந்தை ஆங்கிலத்தில் பதில் சொல்வது. “அதுக்கு எல்லாம் புரியுது டீச்சர், பேசத்தான் மாட்டேங்குது” என்று பெற்றோர் ஆறுதலாகச் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். அடுத்தது, சொற்களின் முடிவுகள் குழம்புவது. ‘அக்கா வந்தான்’ என்பார்கள். ‘நாம’, ‘நாங்க’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், எதிரில் நிற்பவரைச் சேர்க்கிறோமா விலக்குகிறோமா என்ற வேறுபாடு மறைந்துபோகும். “பஸ் ஏறுனேன், காரை வாஷ் பண்ணேன்” என்று பேசுவதைக் கண்டு பெற்றோர் அஞ்சுகிறார்கள். அது அவ்வளவு அஞ்ச வேண்டியதன்று. நாமும் அப்படித்தான் பேசுகிறோம். அந்த வாக்கியத்தின் எலும்பு தமிழாகவே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மூத்த குழந்தையைவிட இளைய குழந்தைக்குத் தமிழ் குறைவாக இருக்கும். பள்ளிக்குப் போகும் மூத்தது ஆங்கிலத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது; இளையது பிறந்தது முதல் அதைக் கேட்டு வளர்கிறது. எனவே விதி ஏதும் வைப்பதானால் முதல் குழந்தை பள்ளிக்குப் போவதற்கு முன்பே வைக்க வேண்டும்.

குழந்தை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அந்த நொடியில் என்ன செய்வது? எல்லாம் அதில்தான் இருக்கிறது. நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜிய மொழியும் பேசும் குடும்பங்களை ஆராய்ந்த எலிசபெத் லான்சா, பெற்றோர் செய்வதை ஐந்தாகப் பிரித்தார். குழந்தை “ஐ வான்ட் வாட்டர்” என்கிறது என்று வைத்துக்கொள்வோம். “என்ன சொன்ன? புரியலையே” என்பது ஒன்று. “தண்ணி வேணுமா?” என்று ஊகித்துக் கேட்பது இரண்டு. “ஓ, தண்ணி வேணும்” என்று அதையே தமிழில் திருப்பிச் சொல்வது மூன்று. ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கொடுத்துவிடுவது நான்கு. “ஓகே, டேக் இட்” என்று நாமும் மாறிவிடுவது ஐந்து. முதலிரண்டும் குழந்தையைத் தமிழுக்கு இழுக்கின்றன. கடைசி இரண்டும், இங்கே எந்த மொழியும் செல்லும் என்று சொல்லாமல் சொல்கின்றன.

அவர் நெருக்கமாகக் கவனித்தது இரண்டு வயதையொட்டிய குழந்தைகளை. எட்டு வயதுப் பிள்ளையிடம் “புரியலையே” என்றால் எடுபடாது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று அதற்குத் தெரியும். அந்த வயதில் இரண்டாவதும் மூன்றாவதுமே பயன்படும். “தமிழ்ல சொல்லு” என்று அதட்டுவதும், விருந்தாளி முன் “மாமாவுக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டு” என்பதும் பேச்சைத் தேர்வாக்கிவிடும். அதன்பின் குழந்தை வாயையே திறக்காது.

அந்தச் சிறுமிக்கு வருவோம். அவள் தந்தை தினமும் அலைபேசியில் அப்பத்தாவோடு பேச வைக்கிறார். “சாப்டியாத்தா?” “ம்.” “என்ன சாப்ட?” “ரைஸ்.” பேச்சு அத்தோடு முடிந்துவிடும். குழந்தை வளர்கிறது; தமிழில் பேசும் பொருள் மட்டும் மூன்று வயதிலேயே நிற்கிறது. அப்பத்தா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். ஆகவே தினமும் இரண்டு நிமிடம் என்பதை வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் என்று மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு பொருள். பச்சைக் காயைச் செடியின் அடியிலிருந்து எப்படி எடுப்பது, அதைச் சூட்டில் எப்படி உலர்த்துவது, பெருங்காயையும் சிறுகாயையும் எப்படிப் பிரிப்பது என்று அப்பத்தா காயைக் கையில் காட்டிச் சொல்வார். அடுத்த வாரம் அந்தச் சிறுமி தன் பள்ளியில் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல் கிடைக்காதபோது ஆங்கிலத்தில் சொல்லலாம். அருகிலிருக்கும் அப்பா தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். அப்பத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதுதான் இதில் பெரும்பலம். இங்கே தமிழ் பாடம் அல்ல, தேவை.

சில மாதங்களில் ‘காஞ்சுருச்சு’, ‘பெருசு’, ‘பொறுக்குனேன்’ என்ற சொற்கள் அவளிடம் வந்தன. பிறகு படிப்பிலும் ஒரு மாற்றம் செய்தோம். அவள் பேசிய ஒரு வாக்கியத்தை அப்பா அப்படியே எழுதுவார்: ‘காய் காஞ்சுருச்சு.’ அதன் கீழே ‘காய் காய்ந்துவிட்டது’ என்று எழுதுவார். இரண்டையும் அவள் படிப்பாள். பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் வழி அப்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது. அவள் இன்னும் அக்காவை ‘வந்தான்’ என்று சொல்வதுண்டு. ஆனால் அப்பத்தாவிடம் கேள்வி கேட்கிறாள்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு வீடு தனியாக ஒரு மொழியைக் காப்பது கடினம். போடியில் அந்த மொழிகள் நிற்பதற்கு, பக்கத்து வீடும் பேசியதும் பெண் எடுத்துக் கொடுத்ததும் காரணம். அயல்நாட்டுக் குழந்தைக்குத் தமிழ் பேசும் இன்னொரு குழந்தை வேண்டும். வார இறுதித் தமிழ் வகுப்பின் உண்மையான பயன் அதுவே. ஆனால் இடைவேளையில் அங்கே பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடுகிறார்கள் என்று பெற்றோரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் என்றால், விளையாட்டையே வகுப்பாக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி, கண்ணாமூச்சி, கடை வைத்து விற்பது போன்றவற்றில் பேசாமல் ஆட முடியாது.

நாம் செய்யக்கூடியவை இரண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்க வருபவர் குடும்பத்தோடு அயல்நாடு செல்வதாகச் சொன்னால், ஐந்து நிமிடம் உட்கார வைத்து இவற்றைச் சொல்லி அனுப்பலாம். அயல்நாட்டிலிருந்து திரும்பி நம் வகுப்பில் சேரும் குழந்தையிடம் முதல் நாளே வாசிப்புப் புத்தகத்தை நீட்ட வேண்டாம். பேச விட்டுக் கேளுங்கள். சொல் குறைகிறதா, சொல்லின் முடிவு குழம்புகிறதா, புரிந்தும் பேச அஞ்சுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசும் ஒரு பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். அதன் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு வந்தபின், இருமொழித் தமிழை நாள்தோறும் கையாளும் நமக்கு எழுத்தைக் கற்றுக்கொடுப்பது கடினமன்று.