பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்



நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டில் சொந்தம் உண்டு. அங்கிருந்து தம்பியோ மருமகனோ இங்கு தொழிற்சாலை வேலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஏஜெண்டு சொன்ன சம்பளம் 2,500 வெள்ளி. ஒப்பந்தத்தில் இருப்பது அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி, ஈராண்டு வேலை.

1,700 வெள்ளி என்பது 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். மீதி 800 வெள்ளி எங்கிருந்து வரும்? கூடுதல் நேர வேலையிலிருந்து. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை ஒரு நாளின் ஏழரை மணியால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால், கூடுதல் நேரம் ஒரு மணிக்கு ஏறத்தாழ 13 வெள்ளி. 800 வெள்ளி சேர மாதம் 61 மணி நேரம், அதாவது தினமும் இரண்டேகால் மணிக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆர்டர் குறைந்து கூடுதல் நேரம் நின்றால் 2,500-உம் நின்றுவிடும். எனவே ஊரில் வாங்கும் கடனை 1,700-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்து, தங்குமிடம். வாடகை பிடிப்பார்களா, எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் அனுமதியின்றி வாடகை பிடிக்கக் கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கான லெவியை 2018 முதல் முதலாளிதான் கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் கழித்தால் கேள்வி கேளுங்கள்.

விமான டிக்கெட் வரியைக் கடைசிச் சொல் வரை படியுங்கள். 'ஒப்பந்தம் முடிந்ததும் முதலாளி தருவார்' என்று மட்டும் இருந்தால், பாதியில் திரும்புகிறவர் சொந்தக் காசில் டிக்கெட் எடுக்க நேரிடும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் வருட விடுப்பு ஆண்டுக்கு 8 நாள். பொது விடுமுறை 11 நாள் இதில் சேராது. வீட்டில் கல்யாணம், காரியம் என்றால் 8 நாளுக்குள் போய் வர முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள்.

இனி தகராறு. இதில்தான் பலர் விழுகிறார்கள். சம்பளம் தராவிட்டால் கோபத்தில் ஹாஸ்டலை விட்டு ஓடிவிடுகிறார்கள். முதலாளி 'ஓடிவிட்டார்' என்று புகார் கொடுப்பார். பெர்மிட் ரத்தாகும். நியாயம் கேட்க வேண்டியவர் குடிநுழைவு இலாகாவுக்குப் பயந்து ஒளிந்து திரிய வேண்டியதாகிறது. ஆகவே பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை, வாய்மொழியாகவும் சொல்லலாம். சம்பளச் சீட்டு, வேலை செய்த நாள்களின் குறிப்பு கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் 'புகார் செய்யக் கூடாது' என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் நிபந்தனைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

விமானம் ஏறும் முன் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று ஊரில் இருக்கட்டும், இன்னொன்று இங்குள்ள உங்கள் கையில் இருக்கட்டும். அவருடைய நகல் தொலைந்தாலும் புகார் கொடுக்க அது உதவும்.