பாஸ்வேர்டை மாத்தினா போதுமா?

ஒரு சின்ன கேக் கடைன்னு வச்சுக்குவோம். ஆர்டர், இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்ஸ் எல்லாமே ஒரே ஜிமெயிலை நம்பித்தான் ஓடுது. அந்த ஜிமெயிலைத் தொடங்கிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போறார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்னைக்கு ராத்திரி ஓனர் பாஸ்வேர்டை மாத்திட்டு நிம்மதியா தூங்கப் போயிடறார்.

ஆனா ரெக்கவரி நம்பர் இன்னும் பழைய ஆளோடதுதான். "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு யாராவது தட்டினா, ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவர் நல்லவராவே இருக்கலாம். அந்த போன் தொலைஞ்சு போனா?

அதனால முதல்ல ரெக்கவரி நம்பரையும் ரெக்கவரி மெயிலையும் மாத்துங்க. டூ-ஸ்டெப்ல அவர் போன் இருந்தா அதையும் எடுத்துடுங்க. அப்புறம்தான் பாஸ்வேர்டு.

இங்க ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரெக்கவரி நம்பரை மாத்தின பிறகும் 7 நாள் வரைக்கும் பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்ப கூகுள் வழி வச்சிருக்கு. திருடன் நம்பரை மாத்திட்டா உண்மையான ஓனர் மீட்கணும்ல, அதுக்காக. அதனால கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடியே அவரைப் பக்கத்துல உட்கார வச்சு மாத்துங்க. நடுவுல அவர் போனுக்கு ஓடிபி வந்தாலும் கேட்டுக்கலாம்.

கடைசியா, ஜிமெயில் செட்டிங்ஸ்ல "Forwarding and POP/IMAP" பாருங்க. அவரோட சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு போட்டிருந்தா, பாஸ்வேர்டு மாறினாலும் உங்க ஆர்டர் எல்லாம் அங்க போய்க்கிட்டே இருக்கும்.