ஃப்ளாஸ்க்கில் டீ வாடை: கறை ஒரு இடம், வாடை வேறு இடம்

ஸ்டீல் ஃப்ளாஸ்க்கை எத்தனை தடவை கழுவினாலும், அதுல தண்ணி ஊத்திக் குடிச்சா டீ வாடை அடிக்குதா? முதல்ல மூடியைக் கழற்றி, பாட்டிலையும் மூடியையும் தனித்தனியா மோந்து பாருங்க. பெரும்பாலும் மூடியிலதான் வாடை தூக்கலா இருக்கும். ஸ்டீல் வாசனையை உறிஞ்சாது. மூடிக்குள்ள இருக்கிற சிலிக்கான் ரிங் உறிஞ்சும். அந்த ரிங்குக்கு அடியில பால் டீ ஒரு சொட்டு தங்கினாலும் புளிச்சு நாற ஆரம்பிக்கும்.

உள்ளே படிந்திருக்கும் பழுப்புக் கறை வேறு விஷயம். டீயில் துவர்ப்பைத் தரும் பொருள்கள் மெல்லிய படலமாக ஸ்டீலில் ஒட்டிக்கொள்கின்றன. பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைத்தான் நல்லா எடுக்கும். இந்தப் படலத்தை இளக்க ஆப்ப சோடாவும் சூடும் வேணும்.

என் ஆபீஸ் நண்பரோட அரை லிட்டர் ஃப்ளாஸ்க்கை இப்படித்தான் சுத்தம் பண்ணினேன். ரெண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, கொதிச்ச தண்ணியை மெதுவா ஊத்தினேன். நுரைக்கும், அதனால முதல்ல முக்கால் அளவு, நுரை அடங்கினதும் கழுத்து வரைக்கும். மூடியைப் போடவே கூடாது. சூட்டில் சோடாவிலிருந்து வாயு வரும். மூடி வச்சா அழுத்தம் ஏறித் திறக்கும்போது வெந்நீர் முகத்துல அடிக்கலாம். ஒரு மணி நேரம் கழிச்சுத் தண்ணி டீ கலர்ல வந்தது. பாட்டில் பிரஷ்ஷால தேய்ச்சு, இன்னொரு தடவை செஞ்சதும் ஸ்டீல் பளிச்சுன்னு ஆயிடுச்சு.

அடியில வெள்ளையா சொரசொரன்னு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது உப்புத் தண்ணி விட்டுப்போற படிவு, சோடாவுக்குப் போகாது. கால் கப் வினிகர், மீதிக்கு வெந்நீர், அரை மணி நேரம், அதுவும் மூடாம. சோடாவையும் வினிகரையும் ஒண்ணா கலக்காதீங்க. நல்லா பொங்கும், ஆனா ஒண்ணை ஒண்ணு முறிச்சு ரெண்டும் வீணாகும்.

இனி மூடி. ஸ்பூன் காம்பால் ரிங்கை மெதுவா நெம்பி எடுங்க. சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால ரிங்கையும் அது உட்கார்ற பள்ளத்தையும் தேய்ங்க. நல்லா காய்ஞ்ச பிறகு மோந்து பாருங்க. ரெண்டு தடவை செஞ்சும் வாடை போகலேன்னா, குக்கர் கேஸ்கெட் மாதிரி ரிங்கை மாத்திடுங்க. திரும்பப் போடும்போது சரியா உட்காரலேன்னா பை நனையும்.

ப்ளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள குளோரின் ஸ்டீலில் பொடிப் பொடிக் குழிகளை உண்டாக்கும். கம்பி நாரும் கீறல் போடும். அடுத்த கறை அந்தக் கீறலில்தான் பிடிக்கும்.

ராத்திரி கழுவினதும் மூடியைப் போடாம, பாட்டிலைக் கவிழ்த்து வைங்க. ஈரத்தோட மூடி வச்ச ஃப்ளாஸ்க்கில் காலையிலேயே வாடை திரும்பிடும்.