வலி இருக்கிற அன்றைக்கே

புற்றுநோய்ப் பிரிவில் டாக்டர், “பாலியேட்டிவ் கேர் பகுதிக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளும் குடும்பம் அநேகமாக ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்கிறது: கைவிரித்துவிட்டார்கள். சீட்டு மடிந்து பைக்குள் போய்விடும். நோயாளி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். வலி பொறுக்க முடியாமல் அவர் இரவெல்லாம் முனகத் தொடங்கிய பிறகுதான் அது மறுபடி வெளியே வரும். அந்த இடைப்பட்ட மாதங்களில் அவர் பட்ட பாட்டில் பெரும்பகுதி படவேண்டியதே இல்லை என்பதுதான் என் வாதம். ஆதரவு சிகிச்சை என்று நம் மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்தச் சிகிச்சை, இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துத் தொடங்குவதில்லை. உடம்புக்கு என்ன உபத்திரவம் என்று கேட்டுத் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் உலகில் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு ஆதரவு சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்களில் வாழ்வின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் 2 கோடியே 57 லட்சம் பேர்தான். பாதிக்கும் மேற்பட்டோர் மரணத்தின் வாசலில் நிற்பவர்கள் அல்லர். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட நுரையீரல் நோய் என்று பல ஆண்டுகள் நோயோடு வாழ்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். இறுதிக்காலப் பராமரிப்பு என்பது இந்தப் பெரிய வட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய வட்டம். கடைசி சில மாதங்களுக்கோ நாட்களுக்கோ உரியது. ஆதரவு சிகிச்சையோ நோய் கண்டுபிடித்த வாரத்திலேயே, கீமோதெரபி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலேயே நடக்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

“இதெல்லாம் சரி, மனசு விட்டுப்போய்ச் சீக்கிரம் போய்விடுவாரே” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தருகிறது. நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் வந்த 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அதோடு ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலேயே சேர்த்தார்கள். சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை எளிதாயிற்று. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே எடுத்தார்கள். அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஆயுள் இப்படிக் கூடிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ஆயுள் நீளும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் ஆயுள் குறையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

இனி ஒரு வீட்டை மனதில் வைத்துப் பேசுவோம். 55 வயது அம்மா. மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார். இந்த நிலையிலும் சில ஆண்டுகள் வாழ்பவர்கள் நிறைய உண்டு. ஆனால் ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை, எழுந்து கழிவறைக்குப் போவதற்குள் கண்ணீர் வந்துவிடுகிறது. பாரசிட்டமால் கேட்கவில்லை. ஆதரவு சிகிச்சை டாக்டர் முதலில் செய்வது விசாரணைதான். வலி எங்கே, நடந்தால் கூடுகிறதா, குத்துகிறதா, நெருப்புப் போல எரிகிறதா, பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் கொடுத்தால் எத்தனை? எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது, அதற்கு மருந்தே வேறு. எலும்பு வலிக்கு இன்னொரு வழி உண்டு: வலிக்கிற இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு அமர்வு கதிர்வீச்சு, 8 கிரே அளவில். நோயைக் குணமாக்க இது கொடுக்கப்படுவதில்லை, வலியை அடக்கவே கொடுக்கப்படுகிறது. பத்து அமர்வு கொடுப்பது போலவே இதுவும் வலியைத் தணிக்கிறது, ஆனால் சிலருக்குப் பின்னாளில் மறுபடி தேவைப்படலாம். பலன் முழுதாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம்.

அதுவரை அந்த வாரங்களை அம்மா எப்படிக் கழிப்பது? இங்கேதான் மார்ஃபின் வருகிறது, கூடவே வீட்டில் சண்டையும் வருகிறது. முதலில் அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். இது விளக்கத்துக்கான உதாரணம்தான். உங்கள் வீட்டு நோயாளிக்கான அளவை அவரைப் பார்த்த டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். வாயால் விழுங்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குத்தான். ஆகவே காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி பாதி, இரவு 10 மணிக்கு மட்டும் முழு மாத்திரை. நள்ளிரவில் தூக்கத்தைக் கலைக்காமல் இருப்பதற்காகவே அந்த இரட்டிப்பு. நாள் மொத்தம் 30 மில்லிகிராம். நடுவில் வலி எகிறினால் அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு பாதி மாத்திரை, கூடுதலாகத் தரலாம். தந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று முறை கூடுதலாகத் தேவைப்பட்டிருந்தால், அம்மாவுக்குத் தேவை 30 இல்லை, 45 என்று அந்த நோட்டே டாக்டருக்குச் சொல்லிவிடும். அவர் வேளைக்கு 5 என்பதை 7.5 ஆக்குவார். கடிகாரம் பார்த்துக் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று மாத்திரையைப் பதுக்கி வைக்கும் வீடுகளில் மொத்த மருந்தும் அதிகம் செலவாகும், வலியும் அடங்காது.

முதல் ஆட்சேபம்: பழகிவிடும், அடிமையாகிவிடுவார். வலிக்காகச் சரியான அளவில், டாக்டரின் கண்காணிப்பில் எடுப்பவர்களிடம் போதைக்கு அலைகிற நிலை அரிது. திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும் என்பது உண்மை. அது உடம்பு மருந்துக்குப் பழகியதன் அடையாளம், படிப்படியாகக் குறைத்தால் வராது. நம் உதாரணத்திலேயே கதிர்வீச்சு பலன் கொடுத்ததும் மார்ஃபினைக் குறைத்து நிறுத்திவிடவும் வாய்ப்பிருக்கிறது. ஒருமுறை தொட்டால் திரும்பமுடியாத மருந்து என்பது கட்டுக்கதை. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பலமானது: “பக்கத்து வீட்டில் மார்ஃபின் கொடுத்தார்கள், நாலே நாளில் போய்விட்டார்.” அங்கே வரிசை தலைகீழாகப் படிக்கப்படுகிறது. கடைசி வாரம் வரைக்கும் கொடுக்காமல் தள்ளிப்போட்டதால், மருந்தும் மரணமும் அடுத்தடுத்து வந்துவிட்டன. சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டும்போது மருந்து மூச்சைத் திடீரென்று நிறுத்திவிடுவதில்லை. அளவு மிஞ்சினால் முன்கூட்டியே அறிகுறி காட்டும்.

அந்த அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது வீட்டில் இருப்பவர்களின் வேலை. முதல் மூன்று நான்கு நாள் தூக்கக் கலக்கம் சகஜம். பல நாள் தூங்காத உடம்பு கடனை அடைப்பதும் அதில் சேர்ந்திருக்கும். முதல் வாரம் குமட்டல் வரலாம், மாத்திரையில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. அதனால் மார்ஃபின் தொடங்கும் இரவே மலமிளக்கியையும் தொடங்கவேண்டும். இதை மறந்த வீட்டில், வலி குறைந்தும் வயிறு உப்பி, அதற்காகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் எழுப்பினாலும் எழாத தூக்கம், ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, மிக மெதுவான மூச்சு, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவி தேடவேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் இது சீக்கிரமே நேரலாம். எலும்புக்குப் பரவியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: முதுகுவலியோடு கால் தளர்ந்தால், மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்பாடு இழந்தால், தண்டுவடம் நசுங்குகிறது என்று கொள்ளவேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு நாள் தாமதம் நடையையே பறித்துவிடலாம்.

மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் மிகக் குறைந்த அளவில் சிலருக்கு உதவலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதற்கு முன் செய்யவேண்டியது எளிது: சாய்த்து உட்காரவைப்பது, சன்னலைத் திறப்பது, சிறிய மின்விசிறியை முகத்துக்கு நேராக வைப்பது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு சிலிண்டர் ஆக்சிஜன், சாதாரணக் காற்றைவிட அதிகமாக எதையும் செய்துவிடுவதில்லை. துர்நாற்றம் வீசும் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த வாடை குறைந்தவுடன் பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். இதையும் நான் சிகிச்சைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

சரி, இறுதிக்காலப் பராமரிப்பு எங்கே தொடங்குகிறது? அம்மாவுக்கு இனி எந்த மருந்தும் நோயைத் தடுக்கவில்லை, பெரும்பாலும் படுக்கைதான், சாப்பாடு இறங்கவில்லை என்ற கட்டத்தில். அப்போது இலக்கு மாறுகிறது. ரத்தப் பரிசோதனைகளும் பயன் தராத மாத்திரைகளும் குறைகின்றன, வலி மருந்து மட்டும் நிற்பதில்லை. விழுங்க முடியாதபோது அதைத் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கிறார்கள். குடும்பத்துக்கு மிகக் கடினமான கேள்வி இங்கே எழும்: “பட்டினி போட்டுச் சாகடிக்கிறோமா? குளுக்கோஸாவது ஏற்றுங்களேன்.” மரணம் நெருங்கும் உடம்பு பசியை இழக்கிறது. அதனால் சாப்பாடு குறைகிறது. சாப்பிடாததால் மரணம் வருவதாக நமக்குத் தோன்றுவது காரணத்தை விளைவாக்கிக்கொள்வதால்தான். அந்த உடம்பில் ஏற்றும் திரவம் கைகால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் தேங்கக்கூடும். உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் அடிக்கடி நனைப்பது அவருக்கு அதைவிட இதமாக இருக்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்கலாம். அந்தச் சத்தம் நம்மை வதைக்கிற அளவுக்குப் பெரும்பாலும் அவரை வதைப்பதில்லை.

மார்ஃபின் போன்ற மலிவான மருந்து ஏன் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை? அபினைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஆஸ்பத்திரிகளுக்கே மார்ஃபின் கிடைப்பதைக் கடினமாக்கியது. 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்திருந்து கொடுப்பது எளிதாயிற்று. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, ஊர் மக்களே தொண்டர்களாகி வீடு தேடிப் போகும் வழக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து தரும் ஆதரவு சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குப் பெயர் பதிந்துகொள்ளுங்கள். போகும்போது மூன்று விவரங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சமாகும்: வலிக்குக் கொடுத்த மதிப்பெண், தூங்கிய நேரம், கடைசியாக மலம் கழித்த நாள். மார்ஃபின் தந்தால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். மீந்த மாத்திரைகளை யாருக்கும் கொடுக்காமல், வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.