வெள்ளம் வந்தது உண்மைதான், தாமதம் அதனால்தானா?

"ஃபோர்ஸ் மெஜர், தவிர்க்க முடியாத இடர், அதனால் சரக்கு தாமதமாகும்" என்று சப்ளையர் கடிதம் அனுப்பினால், வாங்குபவர் பலர் வாயடைத்துப் போகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி மழையில் ஷா ஆலமின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அங்குள்ள ஓர் அச்சகத்தில், ஈப்போவில் முறுக்கு வியாபாரம் செய்யும் ஓர் அம்மையார் பொங்கலுக்காக 6,000 அட்டைப் பெட்டிகள் கேட்டிருந்தார் என்று கொள்வோம். தர வேண்டிய நாள் டிசம்பர் 22. கடிதம் வந்ததோ 24ஆம் தேதி: "வெள்ளம்; நான்கு வாரம் தாமதம்." கூடவே பத்திரிகைச் செய்தியின் நகல். நான்கு வாரம் என்றால் பொங்கலே முடிந்துவிடும்.

அம்மையார் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தை. மலேசியாவில் இந்தச் சலுகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. வெள்ளம் அதில் அடங்குகிறதா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கும். எழுதப்படாவிட்டால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அது வேலையைச் செய்யவே முடியாமல் போனால்தான் உதவும்; செலவு கூடியது, சிரமமானது என்பது போதாது.

அடுத்தது ஆதாரம். பத்திரிகைச் செய்தி வெள்ளம் வந்ததைக் காட்டும். பெட்டிகள் ஏன் வரவில்லை என்பதைக் காட்டாது. எனவே மூன்றைக் கேட்க வேண்டும். ஒன்று, தொழிற்சாலைக்குள் நீர் புகுந்ததற்குத் தேதியுள்ள படங்கள், போலீஸ் புகார், காப்புறுதி நிறுவனத்திடம் செய்த இழப்பீட்டுக் கோரிக்கை. இரண்டு, இந்த ஆர்டருக்கான உற்பத்திப் பதிவேடும் சரக்கு இருப்புக் கணக்கும். மூன்று, இயந்திரம் மீண்டும் ஓடிய நாளும், அதன்பின் யாருக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்ற விவரமும்.

பதிவேடு வந்தபோது கதை மாறியது. 2,000 பெட்டிகள் 16ஆம் தேதியே அச்சாகி மாடியில் நனையாமல் இருந்தன. இயந்திரம் 27ஆம் தேதி ஓடத் தொடங்கியது. மீதி 4,000க்கு மூன்று நாள் வேலை. ஆனால் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் வேலை முன்னே தள்ளப்பட்டிருந்தது. ஆக, முதல் சில நாள் தாமதம் வெள்ளத்தால்; மற்றது அச்சகத்தின் சொந்த முடிவு.

அம்மையாரின் பதில் கடிதம் இப்படி அமையலாம்: 2,000 பெட்டிகள் உடனே வேண்டும்; மீதிக்கு ஜனவரி 3 வரை அவகாசம்; தவறினால் வேறிடத்தில் வாங்கி, கூடுதல் விலையைக் கோரும் உரிமை உண்டு.

இரண்டு தவறுகள் கூடாது. "பரவாயில்லை, மெதுவாகக் கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால், புதிய தேதியை ஒப்புக்கொண்டதாக வாதிடப்படும். கோபத்தில் ஆர்டரை ரத்து செய்த பின் சப்ளையரின் ஆதாரம் சரியென்று தெரிந்தால், ஒப்பந்தத்தை மீறியவர் அம்மையாராகிவிடுவார்.