பொறுப்பு கைமாறும்போது வேலை அறுபடக் கூடாது

(புதிதாகத் தேர்வான வட்டாரக் குழுச் செயலாளர்களுக்கான அமைப்பு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாநாடுகள் முடிந்து, பல வட்டாரக் குழுக்களுக்குப் புதிய செயலாளர்கள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார்கள். தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும். பொறுப்பு ஒரே நாளில் கைமாறிவிடாது. அலுவலகச் சாவியையும் ரசீதுப் புத்தகக் கட்டையும் கொடுத்துவிட்டு, "மற்றதெல்லாம் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்" என்று விடைபெறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு தெரியவரும் செய்திகளுள் சில, கெடு முடிந்த பிறகே தெரியவருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குடியிருப்பு ஒன்றின் குடிநீர்க் குழாய்ப் பணிக்கு ஒதுக்கிய நிதி என்னவாயிற்று என்று கேட்டு, பழைய செயலாளர் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனு செய்கிறார். அலுவலகம் அதை ஜூன் 3 அன்று பெறுகிறது. பதில் தர 30 நாட்கள். அதாவது ஜூலை 3 வரை. பதில் வராவிட்டால், அதிலிருந்து 30 நாட்களுக்குள், ஆகஸ்ட் 2க்குள், முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். புதிய செயலாளர் ஜூலை 20 அன்று பொறுப்பேற்றால் அவர் கையில் இருப்பவை 13 நாட்களே. மனு செய்தது அவருக்குத் தெரியாவிட்டால் அந்நாட்களும் கழிந்துவிடும். தாமதத்தைத் தக்க காரணத்துக்காக மன்னிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், காரணம் தக்கதா என்பதை முடிவு செய்பவர் மேல்முறையீட்டு அதிகாரி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இச்சட்டம் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. எனவே மனு கட்சிக் குழுவின் பெயரில் அன்றி, ஒரு தோழரின் பெயரிலேயே இருக்கும். பதிலும் அவர் வீட்டு முகவரிக்கே வரும். மேல்முறையீட்டில் கையொப்பமிட வேண்டியவரும் அவரே. புதிய செயலாளர் தம் பெயரில் புதிதாக மனு செய்யலாம். ஆனால் நாட்கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே, நிலுவைப் பணிகளின் பட்டியலில் "குடிநீர் மனு, நிலுவை" என்று ஒரு வரி எழுதுவது போதாது. மனு யார் பெயரில் உள்ளது, எந்த நாளில் பெறப்பட்டது, ஒப்புகை அட்டை எந்தக் கோப்பில் இருக்கிறது, அடுத்து எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசி நாள் இல்லாத நிலுவைப் பட்டியல் வெறும் நினைவுக் குறிப்பே.

அடுத்தது எழுதப்பட்ட விதிகள். கட்சியின் அமைப்புச் சட்டம் எல்லோரிடமும் இருக்கிறது. நான் சொல்வது குழுவின் நடைமுறை முடிவுகளை: கையிருப்பாக எவ்வளவு வைத்திருக்கலாம், அதற்கு மேற்பட்டதை எத்தனை நாட்களுக்குள் வங்கியில் கட்ட வேண்டும், ரசீதுப் புத்தகத்தை யாரிடம் கையொப்பம் பெற்றுக் கொடுக்க வேண்டும் என்பன போன்றவை. இவை தீர்மானப் புத்தகத்தின் பழைய பக்கங்களில் சிதறிக் கிடக்கும். அல்லது பழைய செயலாளரின் நினைவில் மட்டும் இருக்கும். தீர்மான நாளைக் குறித்து அவற்றை இரண்டு பக்கங்களில் தொகுத்துத் தர வேண்டும். தீர்மானமின்றி வழக்கமாக நடந்துவருவதை "வழக்கம்" என்றே எழுத வேண்டும். அப்போதுதான் புதிய குழு அதை ஏற்கவோ மாற்றவோ முடியும்.

ரசீதுப் புத்தகங்களை எண்ணிக்கையாக ஒப்படைக்கக் கூடாது. வரிசை எண்ணாக ஒப்படைக்க வேண்டும். 1101 முதல் 1150 வரையிலான புத்தகம் ஒரு கிளைத் தோழரிடம் இருக்கிறது, அதில் 1132 வரை பயன்பட்டிருக்கிறது என்றால் அப்படியே எழுத வேண்டும். அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகை ரொக்கப் புத்தகத்தின் வரவோடு பொருந்துகிறதா என்பதை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். வங்கியில் கையொப்பதாரர் மாறுவதற்குக் குழுத் தீர்மானத்தின் நகல் தேவை. கணக்கோடு இணைந்த கைபேசி எண் பழைய செயலாளருடையதாக இருந்தால் அதையும் அப்போதே மாற்ற வேண்டும்.

மூன்றாவது தொடர்புகள். பெயரும் எண்ணும் கொண்ட தாள் மட்டும் உதவாது. இந்த வழக்குரைஞர் எந்த வழக்கை நடத்துகிறார், கடைசியாக எப்போது பேசினோம், அவரிடம் என்ன ஒப்புக்கொண்டோம் என்பது வேண்டும். முக்கியமான சிலரிடம் பழைய செயலாளரே நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். குறிப்பாக, காவல் நிலையப் புகாரோ வேலைநீக்கமோ நிலுவையில் இருக்கும் குடும்பங்கள், தங்கள் விவகாரம் யார் கைக்கு மாறியது என்பதை அவர் வாயிலாகவே அறிய வேண்டும்.

ஒப்படைப்புக் குறிப்பில் இருவரும், குழு உறுப்பினர் ஒருவரும் கையொப்பமிட்டு, ஒரு நகலை மேல் குழுவுக்கு அனுப்புங்கள். குறிப்பு முழுமையானதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. முதல் மாதத்தில் புதிய செயலாளர் பழையவரிடம் கேட்க நேரும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்து வைக்கட்டும். அந்தக் கேள்விகளின் விடைகளே குறிப்பில் விடுபட்டவை. அவற்றைச் சேர்த்துவிட்டால், அடுத்த மாநாட்டில் ஒப்படைக்க வேண்டியதில் பாதி இப்போதே தயாராகிவிடும்.