தொழுவத்துத் தரையில் ஒன்றரை அங்குலம்



கன்னிவாடி போன்ற மலையடிவார ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்தால் மண்தரைத் தொழுவம் சேறாகிவிடும். மாடு அந்த ஈரத்திலேயே மடியை வைத்துப் படுக்கும். மடிநோய்க்கு அதுவே வழி. பால் திரிதிரியாக வரும். ஒரு காம்பே கெட்டுப்போவதும் உண்டு. ஆகவே சுவருக்குப் போடுகிற காசைத் தரைக்குப் போடுங்கள்.

இரண்டு கறவை மாடு, ஒரு கன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு நிற்க 4 அடி அகலமும் ஐந்தரை அடி நீளமும் வேண்டும். முன்னால் 2 அடி தீவனத் தொட்டி, பின்னால் 1 அடி வாய்க்கால், அதையடுத்து 3 அடி நடைபாதை. கன்றுக்கு 4 அடி சேர்த்தால், 12 அடிக்குப் பதினொன்றரை அடித் தொழுவம் போதும்.

சுற்றுத்தரையைவிட ஓரடி உயர்த்தி மண் கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் சிமெண்டு 1 பங்கு, மணல் 4 பங்கு, ஜல்லி 8 பங்கு கலந்து 4 அங்குலம் போட்டு, மேலே சிமெண்டுப் பூச்சு பூசுங்கள்.

தொட்டியிலிருந்து வாய்க்கால் வரை ஒன்றரை அங்குலம் இறக்கம் இருக்கட்டும். கயிறு கட்டி ரசமட்டம் வைத்து அளந்து பாருங்கள். இறக்கம் குறைந்தால் மூத்திரம் தேங்கும். மிஞ்சினால் பாரமெல்லாம் பின்பக்கம் போய், நிறைசினை மாட்டுக்குப் பிறப்புறுப்பு வெளியே தள்ளக்கூடும்.

கொத்தனார் தரையைக் கண்ணாடி மாதிரி தேய்க்கப் பார்ப்பார், விடாதீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த மாடு எழுந்திருப்பது அரிது. பூச்சு காயுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். பத்து நாள் தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால், மாடு கட்டுமுன் அங்கே பூசிச் சரிசெய்யுங்கள். வாய்க்கால் 3 அங்குல ஆழம் இருந்தால் போதும். அதன் கடைசியில் தீவனப்புல் போட்டுவிட்டால் கழுவிய தண்ணீரும் வீணாகாது.

கூரையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் அதிகம் உள்ளே பாயாது. கறையான் அரிக்காத கல்தூண் நடுங்கள். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் ஓடும் பனங்கையும் மலிவாகக் கிடைக்கும். பனங்கையைத் தட்டிப் பார்த்து, உளுக்காததாக வாங்குங்கள். ஓரத்தூண் 7 அடி, முகடு 10 அடிக்குச் சற்று மேலே இருந்தால் மழைத்தண்ணீர் ஓட்டில் நிற்காமல் ஓடும். ஓட்டை 2 அடி வெளியே இறக்குங்கள். சாரல் உள்ளே வராது.

சுவர் 3 அடிக்கு மேல் வேண்டாம். முகட்டின் இருபக்க முக்கோணத்தையும் அடைக்காதீர்கள். சூடான காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். சாரல் அடிக்கிற பக்கம் சாக்குப் படுதா கட்டி, மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள்.

விடியற்காலையில் தொழுவத்துக்குள் போய், படுத்திருக்கும் மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டமோ தரைச் சரிவோ சரியில்லை என்று அர்த்தம். எரியவில்லையென்றால் தொழுவம் சரியாக அமைந்துவிட்டது.